முந்திரித் தோடு எந்த அட்டவணையில் வரும்?

கேள்வி: குழித்துறைக்குப் பக்கத்தில் முந்திரி ஆலை நடத்துகிறேன். ஆப்பிரிக்கக் கொட்டையை இறக்குமதி செய்து, உடைத்து, பருப்பை ஜெர்மனிக்கும் நெதர்லாந்துக்கும் அனுப்புகிறேன். வாடிக்கையாளர் கேட்டதால் ஓர் ஆலோசகரை வைத்து 2023-24ஆம் ஆண்டுக்கு நிலைத்தன்மை அறிக்கை தயாரித்தோம். உமிழ்வு 103 டன், கழிவு 828 டன், அதில் நூறு சதவீதமும் மறுசுழற்சி, அபாயகரக் கழிவு இல்லை என்று அதில் இருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். இப்போது அவர்கள் மூன்று கேள்விகளோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். மின்சாரத்துக்கு ஏன் ஒரே எண்? கொதிகலனில் எரிக்கும் தோட்டின் உமிழ்வு எங்கே? எரித்த தோட்டையும் மறுசுழற்சி என்கிறீர்களா? ஆலோசகரைக் கேட்டால் எல்லாம் தரநிலைப்படிதான் என்கிறார். எனக்கு அட்டவணையே புரியவில்லை. என்ன பதில் எழுதுவது? அறிக்கையையும் பில்களின் தொகையையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

ஐயா, உங்கள் அறிக்கையில் வேண்டுமென்றே எழுதிய பொய் எதுவும் எனக்குத் தென்படவில்லை. ஒவ்வோர் அட்டவணையையும் தனித்தனியாகப் போட்டிருக்கிறார்கள். பக்கத்து அட்டவணையோடு ஒத்துப்போகிறதா என்று யாரும் பார்க்கவில்லை. வாடிக்கையாளர் தரப்பில் படிப்பவர் முதலில் பார்ப்பதே அதைத்தான். உங்கள் ஆலையின் உமிழ்வு அவருடைய கணக்கில் ‘வாங்கிய பொருளின் உமிழ்வு’ என்ற தலைப்பில், அதாவது அவருடைய ஸ்கோப் 3இல், போய் உட்காருகிறது. உங்கள் எண் தவறினால் அவருடைய தணிக்கையாளர் அவரைத்தான் கேட்பார்.

தோட்டிலிருந்து தொடங்குவோம். மூன்றில் இரண்டு கேள்விகள் அதைப் பற்றியவை.

வருடத்துக்கு 1,200 டன் கொட்டை உடைக்கிறீர்கள். பருப்பு 270 டன், தொலி 36 டன், தோடு 828 டன் என்று அறிக்கை சொல்கிறது. மீதி 66 டன் ஈரம், கல், மண், சொத்தை. விகிதங்களைப் பார்த்தால் நம்பக்கூடியவைதான். கொட்டையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகப் பருப்பு, முக்கால்வாசிக்குச் சற்றுக் குறைவாகத் தோடு என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் 828ஐ 1,200ஆல் வகுத்துப் பாருங்கள். சரியாக 0.69 வருகிறது. எடைபோட்டு எடுத்த எண் இப்படி வழுவழுப்பாக வராது. கொட்டையின் எடையை 69 சதவீதத்தால் பெருக்கி, கட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். அது குற்றமில்லை, மதிப்பீடு என்று கீழே ஒரு வரி போட்டிருக்க வேண்டும்.

சிக்கல் அடுத்த கட்டத்தில் வருகிறது. எரிசக்தி அட்டவணையில் கொதிகலன் எரிபொருள் 120 டன் தோடு என்று இருக்கிறது. கழிவு அட்டவணையிலோ 828 டன்னும் எண்ணெய் எடுக்கும் ஆலைக்கு மறுசுழற்சிக்குப் போனதாக இருக்கிறது. அடுப்பில் போட்ட தோட்டை எண்ணெய் ஆலைக்கு எப்படி விற்க முடியும்? ஒரே 120 டன் இரண்டு இடத்தில் நிற்கிறது. வாடிக்கையாளரின் மூன்றாவது கேள்வி இதிலிருந்துதான் பிறந்தது.

சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. எதை எடுத்தாலும் அதையே எல்லா அட்டவணையிலும், எல்லா ஆண்டும் பின்பற்ற வேண்டும்.

ஒன்று, தோட்டைக் கழிவு என்றே வைத்துக்கொள்வது. அப்படியானால் விற்றதை மட்டும்தான் மறுசுழற்சிப் பக்கம் எழுதலாம். எரித்ததை அங்கே எழுத முடியாது. உங்கள் அறிக்கை பின்பற்றுவதாகச் சொல்லும், கழிவைப் பற்றிய ஜி.ஆர்.ஐ. 306 தரநிலையின் 2020 பதிப்பில், கழிவை எரித்து அதன் வெப்பத்தைப் பயன்படுத்தினாலும் அது ‘அகற்றல்’ பக்கத்தில்தான் வருகிறது. நீராவி கிடைத்தது, வீணாகவில்லை என்ற வாதம் அங்கே எடுபடாது. நூறு சதவீதம் என்ற வரி அப்போதே விழுந்துவிடும்.

இரண்டாவது வழி, தோட்டைத் துணைப்பொருள் என்று கொள்வது. அந்தத் தரநிலையில் கழிவு என்றால் வைத்திருப்பவர் கழித்துக்கட்டுகிற, கழித்துக்கட்ட நினைக்கிற, அல்லது சட்டப்படி கழித்துக்கட்ட வேண்டிய பொருள். நீங்கள் தோட்டைக் கழித்துக்கட்டவில்லை. டன்னுக்கு விலை பேசி, பில் போட்டு விற்கிறீர்கள். சீசனில் விலை ஏறும்வரை முற்றத்தில் குவித்தும் வைக்கிறீர்கள். மீதியைக் கொதிகலனுக்கு எரிபொருளாகப் பயன்படுத்துகிறீர்கள். அப்படியானால் 828 டன் கழிவு அட்டவணையை விட்டே வெளியேறும். விற்றது உற்பத்தி அட்டவணையில் துணைப்பொருளாகவும், எரித்தது எரிசக்தி அட்டவணையில் எரிபொருளாகவும் வரும். உங்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான். உண்மையில் நடப்பதும் இதுதான், பில்லும் கையில் இருக்கிறது. ஆனால் கழிவு ஒரே வருடத்தில் 828 டன்னிலிருந்து சில பத்து டன்னுக்கு இறங்கியதாக யாரும் பெருமைப்பட்டுக்கொள்ளக் கூடாது. வகைப்படுத்திய முறையை மாற்றினோம், ஆலையில் எதுவும் குறையவில்லை என்று அட்டவணைக்கு அடியிலேயே எழுதிவிடுங்கள். இந்த வரி இல்லாத அறிக்கைகளைப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வரும்.

இனி அந்த 120 டன்னைப் பற்றி. நீங்கள் அனுப்பிய தோடு விற்பனை பில்களின் தொகை 640 டன். அதோடு 120ஐக் கூட்டினால் 760. அறிக்கையின் 828க்கு இன்னும் 68 டன் குறைகிறது. தோடு நீராவியில் வேகும்போது ஈரம் குடிக்கும், வெயிலில் கிடந்தால் காயும். ஆகவே நூற்றுக்கு நாலைந்து கூடக் குறைய இருப்பது இயல்பு. இங்கே எட்டுக்கும் மேல் இருக்கிறது. மார்ச் கடைசியில் முற்றத்தில் பெரிய குவியல் கிடந்திருந்தால் அது இருப்பு. அதை எழுதிக் காட்டலாம். இல்லையென்றால் அது போன இடம் உங்கள் கொதிகலன்தான் என்று நினைக்கிறேன். விற்பதற்கு எடைமேடை உண்டு, அடுப்புக்கு எடைமேடை கிடையாது. அந்த 120 யாரோ நாளுக்கு 400 கிலோ, முந்நூறு நாள் என்று வாயால் சொன்ன கணக்கு.

இதைக் கண்டுபிடிக்க மீட்டர் எதுவும் வேண்டாம். கொதிகலன் பார்ப்பவர் தோட்டை அள்ளிப் போடுவது கூடையிலா, தள்ளுவண்டியிலா என்று பாருங்கள். கொட்டை எடைபோடும் அதே தராசில் ஒரு பத்துக் கூடையை வைத்துச் சராசரி எடையை எடுங்கள். பிறகு ஒரு மாதத்துக்கு ஒவ்வொரு ஷிப்டிலும் எத்தனை கூடை என்று சுவரில் தொங்கும் நோட்டில் கோடு போடச் சொல்லுங்கள். அந்த மாதம் எத்தனை டன் கொட்டை வேகவைத்தீர்கள் என்பதோடு சேர்த்துப் பார்த்தால், ஒரு டன் கொட்டைக்கு எத்தனை கிலோ தோடு எரிகிறது என்ற விகிதம் கிடைத்துவிடும். அதை வருடத்துக்குப் பெருக்குங்கள். மழை மாதத்தில் ஒருமுறையும் வெயில் மாதத்தில் ஒருமுறையும் எடுத்தால் இன்னும் நல்லது. நனைந்த தோடு அதிகம் எரியும்.

எரித்த தோட்டின் உமிழ்வு எங்கே என்ற இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். உங்கள் ஆலோசகர் அதைப் பூஜ்யம் என்று விட்டுவிட்டார். தாவரத்திலிருந்து வந்தது, மரம் காற்றிலிருந்து எடுத்த கரிதானே திரும்பிப் போகிறது என்பது அவர் நியாயம். அதில் பாதி சரி. அந்தக் கார்பன் டை ஆக்சைடை ஸ்கோப் 1இல், அதாவது ஆலையிலிருந்தே நேரடியாக வெளியாகும் உமிழ்வின் கணக்கில், சேர்ப்பதில்லை. ஆனால் சேர்ப்பதில்லை என்பதற்கு எழுதத் தேவையில்லை என்று அர்த்தமில்லை. பசுமைக்குடில் வாயுக் கணக்கீட்டு நெறிமுறை அதை ஸ்கோப்புகளுக்கு வெளியே, உயிர்மூல உமிழ்வு என்று தனி வரியில் காட்டச் சொல்கிறது. மேலும், தோடு எரியும்போது கொஞ்சம் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் வெளியாகின்றன. மரம் இவற்றைத் திரும்ப உறிஞ்சிக்கொள்வதில்லை. ஆகவே இவை இரண்டும் ஸ்கோப் 1இலேயே வர வேண்டும்.

கணக்கு போட்டே காட்டுகிறேன். ஒரு டன் தோட்டின் வெப்பத்தை 20 கிகாஜூல் என்று வைத்துக்கொள்வோம். எண்ணெய் எடுக்காத தோட்டுக்கு இது பொருத்தமான எண். திட உயிர்ம எரிபொருளுக்கு ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி. தரும் பொதுக் குணகம் கிகாஜூலுக்கு 100 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆக ஒரு டன் தோட்டுக்கு 2 டன். 120 டன்னுக்கு 240 டன். இது தனி வரிக்குப் போகும். மீத்தேன் கிகாஜூலுக்கு 30 கிராம், நைட்ரஸ் ஆக்சைடு 4 கிராம். 120 டன் தோட்டுக்கு முறையே 72 கிலோவும் 9.6 கிலோவும் ஆகின்றன. ஐ.பி.சி.சி.யின் ஐந்தாம் மதிப்பீட்டு அறிக்கைப்படி கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாக்க இவற்றை 28ஆலும் 265ஆலும் பெருக்கிக் கூட்டினால் சுமார் நாலரை டன். ஸ்கோப் 1இல் கூடப்போவது அவ்வளவுதான். காணாமல்போன 68 டன்னும் அடுப்புக்குத்தான் போனது என்று தெரியவந்தால், தனி வரி 376 டன்னாகும், ஸ்கோப் 1இல் சேர்வது ஏழு டன்னாகும்.

240 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உங்கள் மொத்த உமிழ்வைவிடப் பெரிதாக இருக்கிறதே, வாடிக்கையாளர் ஓடிவிடுவாரே என்று பலர் அதை மறைக்கப் பார்க்கிறார்கள். முந்திரி ஆலை தோடு எரிக்கும் என்பது ஹாம்பர்க்கில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். அந்த வரி வெறுமையாக இருந்தால்தான் அவர் கடிதம் எழுதுவார், எழுதியும்விட்டார்.

மின்சாரக் கணக்கில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. ஒன்று சின்னது, ஒன்று உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது.

வருடத்துக்கு 2,40,000 யூனிட் பயன்படுத்தியிருக்கிறீர்கள். ஆரல்வாய்மொழிக் காற்றாலையில் உங்களுக்குள்ள பங்குக்கு 1,50,000 யூனிட் மின்வாரிய பில்லில் கழிந்திருக்கிறது. மீதி 90,000 யூனிட்டுக்கு மட்டும் 73.8 டன் என்று போட்டிருக்கிறார்கள். 73.8 டன்னை 90 மெகாவாட் மணியால், அதாவது அந்த 90,000 யூனிட்டால், வகுத்தால் 0.82 வருகிறது. மத்திய மின்சார ஆணையம் பல வருடங்களுக்கு முன் வெளியிட்ட குணகம் அது. ஆலோசகர் பழைய கோப்பையே இன்னும் திறந்துகொண்டிருக்கிறார். 2023-24க்கு ஆணையம் தரும் எண் 0.727. நாடு முழுவதும் ஒரே மின்தொகுப்பு என்பதால் குழித்துறைக்கும் அதுதான், எல்லை தாண்டிப் பாறசாலைக்கும் அதுதான்.

இரண்டு எண் கேட்பதன் காரணம் இது. உங்கள் ஆலைக்கு வரும் கம்பியில் அனல், நீர், காற்று எல்லாம் கலந்துதான் வருகிறது. அந்தக் கலவையின்படி 2,40,000 யூனிட்டுக்கும் 0.727 போட்டால் 174.5 டன். இது இட அடிப்படையிலான கணக்கு. காற்றாலைக்கு இதில் சலுகை இல்லை. யாரிடம் ஒப்பந்தம் போட்டு மின்சாரம் வாங்கினீர்கள் என்று பார்ப்பது சந்தை அடிப்படை. அதில் காற்றாலை யூனிட்டுக்குப் பூஜ்யம், மீதி 90,000க்கு 65.4 டன். வாங்கும் மின்சாரத்தின் உமிழ்வுக்கு ஸ்கோப் 2 என்று பெயர்; நெறிமுறையின் 2015ஆம் ஆண்டு ஸ்கோப் 2 வழிகாட்டி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டச் சொல்கிறது. குறைந்த எண்ணை மட்டும் காட்டியதால்தான் கேள்வி வந்தது.

ஆனால் அந்த 65.4ஐ எழுத உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்பதை ஆவணம் பார்த்துத்தான் சொல்ல முடியும். நம் மாவட்டத்தில் காற்றாலை வைத்திருக்கும் பலர் மின்சாரத்தை வாரியத்துக்கே விற்கிறார்கள். விற்றுவிட்டால் அது வாரியத்தின் மின்சாரம். ஆலைக் கணக்கில் கழிக்கக் கூடாது. உங்கள் பில்லில் யூனிட் கழிந்திருப்பதால் நீங்கள் சொந்தப் பயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்வது போலத்தான் தெரிகிறது. அப்படியே இருந்தாலும், அந்த யூனிட்டுகளுக்கான புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சான்றிதழைக் காற்றாலைக் கூட்டாளிகள் தனியாக வேறு யாருக்காவது விற்றிருக்கிறார்களா என்று கேளுங்கள். விற்றிருந்தால் பசுமை என்று சொல்லும் உரிமையும் அதோடு போய்விட்டது. விற்கவில்லை என்றால் கூட்டாளிகளிடம் ஒரு கடிதம் வாங்கி பில்லோடு வையுங்கள். இன்னொன்று: காற்றாலையில் சுற்றி எடுத்த யூனிட்டை எழுதாதீர்கள். வழியில் இழப்பு போக, பில்லில் கழிந்த யூனிட்தான் கணக்கு. ஆடிக் காற்றில் உற்பத்தியானதை அடுத்த மாதங்களில் கழித்துக்கொள்ளும் வசதி உங்கள் காற்றாலைக்கு இருந்தால் மாத பில்லை மட்டும் பார்த்தால் குழம்பும். ஏப்ரல் முதல் மார்ச் வரை பன்னிரண்டு பில்லையும் கூட்டுங்கள்.

டீசலில் தவறில்லை. ஜெனரேட்டருக்கும் வேனுக்கும் சேர்த்து 11,000 லிட்டர், லிட்டருக்கு 2.68 கிலோ வீதம் 29.5 டன். ஆக, 120 டன் தோட்டுக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால் ஸ்கோப் 1 சுமார் 34 டன். ஸ்கோப் 2ஐச் சேர்த்தால் இட அடிப்படையில் 208 அல்லது 209 டன், சந்தை அடிப்படையில் 99 அல்லது 100 டன். வாடிக்கையாளருக்கு வேண்டியது மொத்தம்கூட இல்லை, ஒரு கிலோ பருப்புக்கு எவ்வளவு என்பது. 270 டன் பருப்பால் வகுத்தால் 0.77 கிலோவும் 0.37 கிலோவும் வருகின்றன. இரண்டையும் கொடுங்கள். கொட்டை விளைந்ததும் கப்பலில் வந்ததும் இதில் இல்லை, அது ஸ்கோப் 3, இந்த ஆண்டு கணக்கிடவில்லை என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக அபாயகரக் கழிவு. அவர்கள் இதைக் கேட்கவில்லை. அடுத்த சுற்றில் கேட்பார்கள். வருடத்துக்கு ஆயிரக்கணக்கான லிட்டர் டீசல் எரிக்கும் ஜெனரேட்டர் உள்ள ஆலையில் எஞ்சின் எண்ணெய் மாற்றாமல் இருக்க முடியாது. மாற்றிய எண்ணெய் 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின் முதல் அட்டவணையிலேயே இருக்கிறது. ‘இல்லை’ என்று எழுதியவர் எரிசக்தி அட்டவணையைப் பார்க்காமல் எழுதியிருக்கிறார். மெக்கானிக் கேனில் எடுத்துப்போய்ப் பழைய இரும்புக் கடையில் கொடுப்பதுதான் வழக்கம் என்றால், அதை இன்றோடு நிறுத்துங்கள். அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம், படிவம் 10 எழுதிக் கொடுக்க வேண்டும். ஜூன் 30க்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகும் படிவம் 4இல் இருக்கும் அளவும் அறிக்கையில் இருக்கும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். லிட்டரில் இருப்பதை எடையாக்கும்போது 0.88ஆல் பெருக்கினால் போதும்.

சாக்கும் விட்டுப்போயிருக்கிறது. 1,200 டன் கொட்டை 80 கிலோ மூட்டையில் வந்தால் 15,000 சாக்கு. ஒன்று ஒரு கிலோ என்று வைத்தாலும் 15 டன். விற்றாலும் சரி, கிழிந்ததைக் கொளுத்தினாலும் சரி, எங்கே போனது என்று எழுத வேண்டும். கொளுத்தினால் அது அகற்றல். கொதிகலன் சாம்பலும் அப்படித்தான். தென்னந்தோப்புக்குக் கொடுத்தால் யாருக்கு, எத்தனை வண்டி என்று ஒரு நோட்டு வேண்டும். தொலியை விற்பதால் அது தோட்டோடு துணைப்பொருளில் சேரட்டும்.

வாடிக்கையாளருக்கு இப்போதைக்கு இப்படி எழுதுங்கள்: “தோட்டைக் கழிவு என்று காட்டியது எங்கள் வகைப்பாட்டுத் தவறு. விற்ற 640 டன் துணைப்பொருளாகவும், எரித்தது எரிபொருளாகவும் திருத்திய அட்டவணையில் வரும். எரித்த அளவு மதிப்பீடு; எடைபோட்டுச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம். உயிர்மூல உமிழ்வு தனி வரியிலும், அதன் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் ஸ்கோப் 1இலும் சேர்க்கப்படும். மின்சாரத்துக்கு இரு கணக்கும் தரப்படும். அபாயகரக் கழிவு இல்லை என்ற வரியைத் திரும்பப் பெறுகிறோம்.” கூடை எடைபோட ஒரு மாதம் ஆகும் என்பதால் ஆறு வாரம் அவகாசம் கேளுங்கள். ஜெர்மன்காரர்கள் தேதி தவறினால்தான் கோபப்படுவார்கள், திருத்தம் கேட்டதற்காகக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. காற்றாலைக் கூட்டாளிகளின் கடிதம் அதற்குள் வரவில்லை என்றால் சந்தை அடிப்படைக் கட்டத்திலும் 174.5ஐயே போட்டு அனுப்புங்கள். கடிதம் வந்த பிறகு குறைத்துக்கொள்ளலாம்.